பொங்கலுக்கு நெல்லை ஆம்னி பஸ் 3,300 ரூபாய்: ஏன் இவ்வளவு, எப்படிக் குறைப்பது?

செல்வி_பாளை | டிசம்பர் 6, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். வேளச்சேரியில் இருக்கிறோம், சொந்த ஊர் பாளையங்கோட்டை. நான், வீட்டுக்காரர், 7 வயதுப் பையன், மூன்று பேர். ஜனவரி 13 செவ்வாய் இரவு கிளம்பி, 18 ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். ரயில் முன்பதிவு நவம்பர் 14 காலையில் திறந்தபோதே நெல்லையும் கன்னியாகுமரியும் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விட்டன.

இப்போது ஆம்னி பஸ் பார்க்கிறேன். சாதாரண நாளில் ஏசி ஸ்லீப்பர் மேல் பெர்த் 1,100க்குப் போவோம். அதே வண்டி, அதே பெர்த், 13ஆம் தேதிக்கு 3,300 காட்டுகிறது. மூன்று பேருக்கு ஒரு வழிக்கே 9,900. போக வர 20,000 ரூபாய் பஸ்ஸுக்கே கொடுத்துவிட்டு ஊரில் போய் என்ன பொங்கல் வைப்பது?

இரண்டு கேள்வி. ஒன்று, உண்மையிலேயே அவர்களுக்குச் செலவு மூன்று மடங்கு ஆகிறதா? இரண்டு, இப்போதே எடுத்துவிடுவதா, காத்திருந்தால் இறங்குமா?

---

தாழையூத்துக்காரன் | இரவு 10:05

செலவாவது ஒன்றாவது. பகல் கொள்ளை. அரசாங்கம் ஒன்றும் செய்ய முடியாது, அதுதான் துணிச்சல். ஆம்னி பஸ் எல்லாம் கான்ட்ராக்ட் கேரேஜ் பெர்மிட். ரூட் பஸ்ஸுக்குத்தான் கட்டணம் நிர்ணயிக்கச் சட்டத்தில் இடம் உண்டு, கான்ட்ராக்ட் வண்டிக்குக் கிடையாது. அவன் சொன்னதுதான் ரேட்.

---

மணிமேகலை_அத்தை | இரவு 10:20

ஏம்மா செல்வி, பெண்களுக்கு அரசு பஸ்ஸில் டிக்கெட்டே கிடையாதே, நீ ஏன் ஆம்னிக்குப் போகிறாய்? நான் தினமும் அதில்தான் கோயிலுக்குப் போகிறேன்.

---

செல்வி_பாளை | இரவு 10:26

அத்தை, அது டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். திருநெல்வேலி வரைக்கும் கொண்டுவிட்டால் நான் ஏன் இங்கே வந்து புலம்பப் போகிறேன் 🙂

---

புக்கிங்_ஆபீஸ்_அண்ணாச்சி | இரவு 11:15

ஒரு டிராவல்ஸில் பல வருஷம் புக்கிங் பார்த்தவன், இப்போது அந்தத் தொழிலில் இல்லை. அதனால் யாருக்கும் பரிந்து பேச வேண்டிய தேவை எனக்கில்லை.

முதலில் தாழையூத்து தம்பிக்கு. பெர்மிட் விஷயம் சரி, முடிவு தப்பு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 67 கட்டணம் பற்றிப் பேசும்போது ஸ்டேஜ் கேரேஜ், கான்ட்ராக்ட் கேரேஜ் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. ஆட்டோவும் கான்ட்ராக்ட் கேரேஜ்தான். அதற்கு 2013-ல் தமிழக அரசு மீட்டர் கட்டணம் நிர்ணயிக்கவில்லையா? ஆகவே அதிகாரம் இருக்கிறது. ஆம்னிக்கு மட்டும் அதைப் பயன்படுத்தவில்லை.

காரணம் என்னவென்றால், கான்ட்ராக்ட் பெர்மிட் என்பது ஒரு கூட்டம் சேர்ந்து மொத்த வண்டியையும் பேசி எடுப்பதற்கு. ஆளுக்கு ஒரு டிக்கெட், வழியில் ஏற்றி இறக்குவது எல்லாம் ரூட் பஸ் வேலை. ஆம்னி காலம்காலமாக அந்த வேலையைத்தான் செய்கிறது, எல்லோருக்கும் தெரியும். ‘சென்னை–நெல்லை ஒரு சீட்டுக்கு இவ்வளவு’ என்று அரசாணை போட்டால், தனித்தனி டிக்கெட் விற்பதை அரசே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அதனால்தான் சங்கத்தைக் கூப்பிட்டுப் பேசுவது, சங்கமே ஒரு பட்டியல் வெளியிடுவது என்று ஓடிக்கொண்டிருக்கிறது. 2022-ல் அப்படி வெளியிட்டார்கள். இதெல்லாம் என் கணிப்பு, கோர்ட்டில் நிற்குமா என்று வக்கீல் யாராவது சொல்லட்டும்.

செல்வி அம்மா கேட்ட கணக்கை நாளை எழுதுகிறேன், தூக்கம் வருகிறது.

---

பெங்களூர்_மச்சான் | டிசம்பர் 7, காலை 7:30

நெல்லைக்கே இப்படியா? பெங்களூரிலிருந்து மதுரைக்குப் போகிறவன் கதையைக் கேளுங்கள். மடிவாளாவில் ஏறினால் பண்டிகைக்கு அதே மூன்று மடங்குதான். நான் இப்போதெல்லாம் அங்கே ஏறுவதே இல்லை. எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி, அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர் வரைக்கும் டவுன் பஸ்ஸில் போய்விடுவேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து தர்மபுரி, சேலத்துக்கு நம்ம ஊர் அரசு பஸ் வரிசையாகக் கிளம்பும். சேலத்தில் மாறி மதுரை. இடுப்பு போகும், பர்ஸ் போகாது. நீங்களும் சென்னையில் அப்படி ஏதாவது பாருங்கள்.

---

புக்கிங்_ஆபீஸ்_அண்ணாச்சி | காலை 10:50

சரி, கணக்கு. இது தோராயம்தான், வண்டிக்கு வண்டி மாறும்.

36 பெர்த் உள்ள ஏசி ஸ்லீப்பர். சென்னை–நெல்லை 620 கிலோமீட்டர் சொச்சம். ஏசி ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் கொடுத்தால் நல்ல வண்டி. 155 லிட்டர், 92 ரூபாய் வீதம் 14,000 சொச்சம். டோல் 4,000. இரண்டு டிரைவர், ஒரு கிளீனர், படி எல்லாம் சேர்த்து 4,000. வண்டித் தவணை, வரி, இன்சூரன்ஸ், டயர், மராமத்து இவற்றை ட்ரிப்புக்குப் பிரித்தால் ஒரு 12,000. சில்லறைச் செலவோடு ஒத்தை ட்ரிப் 35,000 என்று வையுங்கள்.

வண்டி நிறைந்தால் ஆளுக்கு 970 ரூபாய்தான் அடக்கம். ஆனால் சாதாரண செவ்வாய்க்கிழமை 28 பேர்தான் வருவார்கள். 1,100 வீதம் 30,800, அதிலும் ஏஜென்ட் கமிஷன் போகும். அன்றைக்கு நட்டம். வெள்ளி, ஞாயிறில் ரேட்டை ஏற்றி அதைச் சரிக்கட்டுவார்கள். இது வருஷம் முழுக்க நடப்பது.

பொங்கலுக்கு என்ன ஆகிறது? 13, 14 இரவுகளில் சென்னையே தெற்கே போகிறது, தெற்கிலிருந்து சென்னைக்கு ஆள் இல்லை. நெல்லையில் 36 பேரை இறக்கிய வண்டி அன்றைக்கே காலியாகத் திரும்ப வேண்டும், அடுத்த இரவு சவாரி இங்கேதான் இருக்கிறது. திரும்பும்போது 8 பேர் 600 ரூபாய்க்கு வந்தால் அதிர்ஷ்டம். ஆகப் போக வர 70,000 செலவு, திரும்புகையில் கிடைத்தது 5,000 போக மீதி 65,000. அதை ஒரு பக்கத்து 36 பேர் தலையில் போட்டால் ஆளுக்கு 1,800. பத்து சதவீதம் கமிஷன் என்றால் 2,000. ஏசி வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், 2,100.

ஆக, 1,100 என்பது 2,100 ஆவதற்கு நியாயம் உண்டு. 2,100-க்கு மேல் 3,300 வரைக்கும் இருக்கிறதே, அந்த 1,200 செலவுக் கணக்கில் வராது. சீட்டு குறைவு, கேட்பவன் அதிகம், அவ்வளவுதான்.

---

தாழையூத்துக்காரன் | காலை 11:20

அப்போ நான் சொன்ன கொள்ளை அந்த 1,200. ஒத்துக்கொண்டீர்களே அண்ணாச்சி!

இன்னொன்று. 18ஆம் தேதி திரும்பும்போதும் இதே 3,300 வாங்குகிறான். அப்போதும் காலி வண்டிக் கதையா?

---

புக்கிங்_ஆபீஸ்_அண்ணாச்சி | காலை 11:45

அப்போதும் அதே கதைதான், திசை மாறும். 17, 18 தேதிகளில் இங்கிருந்து காலியாகப் போய் அங்கிருந்து ஏற்றி வருகிறார்கள். நடுவில் 15, 16 பாதி வண்டிகள் ஷெட்டில் நிற்கும், தவணை நிற்காது.

கொள்ளை என்ற வார்த்தையில் உங்களோடு சண்டை போட மாட்டேன். ஆனால் 2,100 என்று உச்சவரம்பு போட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மற்ற ரூட்டில் ஓடும் வண்டியைப் பொங்கலுக்கு நெல்லைப் பக்கம் திருப்பி விடுகிறார்களே, அது நிற்கும். சீட்டு இன்னும் குறையும், அப்புறம் மீதிப் பணம் கையில் வாங்குவார்கள்.

---

தாழையூத்துக்காரன் | காலை 11:58

வண்டி குறைந்தால் அரசு கூடுதல் பஸ் விடட்டும். வரம்பு போட்டால் வண்டி வராது என்பது முதலாளிகள் எப்போதும் சொல்வது. இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை.

---

கூடுவாஞ்சேரி_சேகர் | மதியம் 1:10

செல்வி அக்கா, உங்களுக்கு ஆம்னிதான் வேண்டுமா? அரசு விரைவுப் பஸ் முன்பதிவு 90 நாள் முன்னாடியே திறக்கிறது, 2024 நவம்பரிலிருந்து அப்படித்தான். அதாவது உங்கள் தேதிக்கு அக்டோபர் நடுவிலேயே திறந்துவிட்டது. இப்போது tnstc.in-ல் பார்த்தால் நிறைந்தது போலத்தான் தெரியும். அதற்காக விட்டுவிடாதீர்கள். வழக்கமான வண்டிகள் நிறைய நிறைய, கூடுதல் வண்டிகளை அதே தளத்தில் திறந்துகொண்டே இருப்பார்கள். காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பாருங்கள்.

கட்டணம் 2018-ல் ஏற்றியதோடு நிற்கிறது. அல்ட்ரா டீலக்ஸ் என்றால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் அளவுதான், ஆளுக்கு 600 ரூபாய்ச் சொச்சம். பையனுக்கு 7 வயது என்கிறீர்கள், அரசு பஸ்ஸில் அரை டிக்கெட். ஆம்னியில் அவனுக்கும் முழு பெர்த் காசு. மூன்று பேருக்கும் சேர்த்து 1,600 வாக்கில் முடியும். நீங்கள் சொன்ன 9,900 எங்கே, இது எங்கே!

படுக்க முடியாது, சாய்ந்து உட்காரலாம். அதுதான் வித்தியாசம். ஆமாம், அந்தத் தளம் பாதியில் தொங்கும், பணம் போய் டிக்கெட் வராமல் நிற்கும். உடனே இன்னொரு தடவை கட்டாதீர்கள், முதலில் பதிவு வரலாற்றைப் பாருங்கள்.

---

செல்வி_பாளை | மதியம் 2:00

அரை டிக்கெட் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி தம்பி. ஆனால் வீட்டுக்காரருக்கு முதுகு வலி. ராத்திரி முழுக்க உட்கார்ந்து வர முடியுமா என்று தெரியவில்லை. போகும்போது அரசு பஸ், வரும்போது ஸ்லீப்பர் என்று யோசிக்கிறேன். அண்ணாச்சி, என் இரண்டாவது கேள்விக்குப் பதில் வரவில்லையே. ஸ்லீப்பரை இப்போதே எடுப்பதா?

---

பாளை_டு_பல்லாவரம் | மதியம் 2:40

எடுக்காதீர்கள்! கடைசி நாளில் இறங்கும். போன தீபாவளிக்குக் கிளம்பும் அன்று மாலை ஐந்து மணிக்கு 1,400க்கு எடுத்தேன். முன்பே எடுத்தவன் எல்லாம் ஏமாளி.

---

புக்கிங்_ஆபீஸ்_அண்ணாச்சி | மாலை 4:30

பல்லாவரத்துத் தம்பிக்குக் கிடைத்திருக்கலாம். தனி ஆளாக, கடைசி வரிசை மேல் பெர்த்தாக இருந்திருக்கும். மூன்று பேர் குடும்பத்துக்கு அந்த யோசனையைச் சொல்லாதீர்கள்.

ரேட் எப்படிப் போடுகிறார்கள் என்று சொல்கிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யலாம். ஆபீஸில் தேதிவாரியாக, பெர்த்வாரியாக விலை போடும் பக்கம் ஒன்று இருக்கும். பண்டிகைத் தேதி தூரத்தில் இருக்கும்போது முதலாளிக்கே எந்த வண்டி எந்த ரூட்டில் போகும் என்று தெரியாது. ஆனால் தேதியைத் திறக்காமல் இருந்தால் பக்கத்து டிராவல்ஸ்காரன் சீட்டை விற்றுவிடுவான். அதனால் ஒரு பெரிய விலையைச் சும்மா போட்டுத் திறந்து வைப்போம். அவசரக்காரன் எடுத்தால் லாபம், இல்லாவிட்டால் பிறகு இறக்கிக்கொள்ளலாம். நீங்கள் பார்க்கும் 3,300 அந்த வகையாக இருக்கலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வண்டியைப் பார்க்காதீர்கள். அந்த இரவுக்கு நெல்லை வழி போகும் எல்லா வண்டியின் சீட் படத்தையும் திறந்து காலி பெர்த்தை எண்ணுங்கள். நாகர்கோவில் வண்டி, தென்காசி வண்டி எல்லாம் சேர்த்து. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பும் பெரும்பாலான வண்டிகளில் பாதிக்கு மேல் காலி என்றால் அந்த விலை நிற்காது, இறங்கும். ஒவ்வொன்றிலும் நாலைந்து பெர்த்தான் மிச்சம் என்றால் இனி ஏறத்தான் செய்யும், உடனே எடுங்கள்.

இறங்குவதற்கு இரண்டு சந்தர்ப்பம் உண்டு. அரசு சிறப்புப் பஸ் எண்ணிக்கையை அறிவித்து, அதிகாரிகள் ஆம்னிக்காரர்களோடு பேசும் வாரம் ஒன்று. அப்போது பெரிய கம்பெனிகள் கண்ணுக்குத் தெரியும்படி கொஞ்சம் இறக்கும். இன்னொன்று கிளம்பும் நாள் மதியம் மூன்று மணிக்கு மேல், அதுவும் கூட்டத்தைத் தப்பாகக் கணித்து வண்டி அதிகம் விட்டிருந்தால் மட்டும். 13ஆம் தேதி அப்படி ஆகும் என்று நான் நம்ப மாட்டேன். 14ஆம் தேதி இரவுக்கு ஆகலாம், போகிக்குள் ஊர் சேர நினைப்பவர்கள் முன்பே போய்விடுவார்கள்.

---

பாளை_டு_பல்லாவரம் | மாலை 4:52

கடைசி வரிசைதான், மேல் பெர்த்தான். எப்படித் தெரியும்?

---

வள்ளியூர்_ஜெனிபா | மாலை 6:15

மலிவாகக் கிடைக்கிறதே என்று முன்கூட்டி எடுப்பவர்கள் கவனிக்க. போன வருஷம் பொங்கலுக்கு ஒரு சின்ன டிராவல்ஸில் 1,300க்கு முதலிலேயே எடுத்து வைத்தேன். இரண்டு நாள் முன்பு ‘வண்டி பழுது, சர்வீஸ் ரத்து’ என்று மெசேஜ். பணம் முழுசாகத் திரும்பி வந்தது. அன்று மாலை அதே பெயரில், அதே நேரத்துக்கு ஒரு வண்டி தெரிகிறது, 2,900. வேறு வழியில்லாமல் இன்னொரு வண்டியில் போனோம்.

---

புக்கிங்_ஆபீஸ்_அண்ணாச்சி | மாலை 6:40

நடக்கிறதுதான். ரத்து மெசேஜையும், புதிதாகத் தெரிந்த வண்டியின் விலையையும் அப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். அதிகக் கட்டணம் பற்றிய புகாருக்குப் போக்குவரத்துத் துறையின் 1800 425 6151 இருக்கிறது. புகார் கொடுத்தால் அன்றைக்கே வேறு சீட் கிடைத்துவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அடையாளம் ஒன்று உண்டு. பண்டிகை வாரத்தில் மட்டும் முளைக்கும் சர்வீஸ், பயணிகள் கருத்தே இல்லாதது, வண்டிப் படம் இல்லாதது, புறப்படும் இடம் ‘பிறகு தெரிவிக்கப்படும்’ என்று போட்டிருப்பது. அதை எவ்வளவு மலிவாக இருந்தாலும் குடும்பத்தோடு எடுக்காதீர்கள். வருஷம் முழுக்க அதே நேரத்துக்கு ஓடுகிற வண்டியை 300 ரூபாய் கூடக் கொடுத்து எடுக்கலாம்.

பணம் கட்டும் பக்கத்தில் இன்சூரன்ஸ், இலவச ரத்து என்று ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருப்பார்கள். மூன்று பேருக்கு அதுவே நூறு, இருநூறு ஆகும், பார்த்து எடுத்துவிடுங்கள். அதே டிராவல்ஸின் சொந்தத் தளத்திலும் ஒருமுறை விலை பாருங்கள். சில சமயம் குறைவு, சில சமயம் அதே விலை.

---

ரயில்_பைத்தியம் | இரவு 8:05

தேதியை நகர்த்த முடியுமா என்று யாருமே கேட்கவில்லையே. இதில்தான் பெரிய காசு. 11 ஞாயிறு இரவோ, 14 புதன் காலையோ கிளம்பிப் பாருங்கள். பகல் பஸ்ஸை யாரும் சீந்துவதில்லை. காலை ஆறு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் திருச்சி வண்டி ஏறி, அங்கிருந்து மதுரை, மதுரையிலிருந்து நெல்லை என்று அரசு பஸ்ஸிலேயே மாறி மாறிப் போகலாம். இரவு ஊரில் இருப்பீர்கள். முதுகு வலிக்காரருக்கும் நடுவில் இறங்கி நடக்க வாய்ப்பு.

தத்கால் ஏசிக்குக் காலை 10 மணி, மற்றதற்கு 11 மணி, முந்தைய நாள். இப்போது ஆதார் இணைத்த கணக்கில்தான் முடியும், அதைக் கடைசி நிமிஷத்தில் இணைக்க உட்காராதீர்கள். தாம்பரத்திலிருந்து போகும் அந்தியோதயாவுக்கு முன்பதிவே கிடையாது, ஆனால் பொங்கல் நேரத்தில் அதில் சின்னப் பையனோடு ஏறச் சொல்ல மாட்டேன்.

---

கூடுவாஞ்சேரி_சேகர் | இரவு 8:30

இதையும் யோசிக்கலாம்: ஊரில் பெரியவர்கள் இங்கே வர முடியுமானால் கூட்டத்துக்கு எதிர்த்திசை. 13ஆம் தேதி நெல்லையிலிருந்து சென்னைக்கு அண்ணாச்சி சொன்ன அந்த 600 ரூபாய் காலி வண்டி அவர்களுக்குத்தான். 18ஆம் தேதி திரும்பிப் போவதும் அப்படியே.

---

செல்வி_பாளை | இரவு 9:20

மாமியார் அடுப்பை விட்டு வருவதாவது, தம்பி! பனை ஓலை வைத்து வாசலில் பொங்கல் இடாவிட்டால் அவர்களுக்குப் பொங்கலே இல்லை.

வீட்டுக்காரரோடு பேசினேன். 14 காலை அலுவலக விடுப்பு கிடைக்கும். போகும்போது அரசு பஸ், பகலில். tnstc.in-ல் காலை ஆறரை மணி திருச்சி வண்டியில் மூன்று சீட் இருந்தது, எடுத்துவிட்டேன். திருச்சியிலிருந்து மேலே போவதை அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறோம். திரும்புவது 18-க்குப் பதில் 19 திங்கள் இரவு என்று மாற்றினால் அதே ஸ்லீப்பர் 1,700 காட்டுகிறது, 18-க்கு 3,300. பையனுக்கு ஒரு நாள் பள்ளி போகும், பரவாயில்லை. ஆனால் அந்த 1,700-உம் சும்மா போட்ட விலையா, இன்னும் இறங்குமா? இருபத்திரண்டு பெர்த் காலி தெரிகிறது.

---

புக்கிங்_ஆபீஸ்_அண்ணாச்சி | இரவு 9:50

ஆறு வாரம் இருக்கும்போது இருபத்திரண்டு காலி என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஜனவரி 8, 9 வாக்கில் மறுபடி எண்ணிப் பாருங்கள். அதற்குள் பன்னிரண்டுக்குக் கீழே வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். கீழ் பெர்த் இரண்டு முதுகு வலிக்காரருக்கு அவசியம் என்றால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், அதுதான் முதலில் போகும்.

---

தாழையூத்துக்காரன் | இரவு 10:02

19-க்கும் 1,700 என்றால் அண்ணாச்சி கணக்குப்படி காலி வண்டிச் செலவு அன்றைக்கு எங்கே போனது? 18 இரவு வந்த வண்டி 19 காலையில் மறுபடி காலியாகத் தெற்கே போகத்தானே வேண்டும்?

---

புக்கிங்_ஆபீஸ்_அண்ணாச்சி | இரவு 10:15

நல்ல கேள்விதான். நாளை எழுதுகிறேன்.